மாத இதழை ஏழு மாதம் நிறுத்தியபோது சந்தாதாரர்களுக்குச் சொன்னதும் செய்ததும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள தமிழ் வாசகர்களுக்காக நாங்கள் நடத்தும் மாத இதழ் 2018 அக்டோபர் இதழோடு நின்று, 2019 ஜூனில் மீண்டும் வெளிவந்தது. சிறிய இதழ்கள் நிற்பது தமிழில் வழக்கமான செய்திதான். அவற்றுள் பெரும்பாலானவை சொல்லாமலே நிற்கின்றன, வாசகர் இரண்டு மூன்று மாதம் தபால்காரரைக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். முன்கூட்டியே அறிவித்து, சொன்ன மாதத்தில் திரும்பி வருவதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று பிற இதழ்க்காரர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஓரிடத்தில் எழுதுகிறேன்.

எங்களுடையது 32 பக்க இதழ். ஆண்டுச் சந்தா அப்போது 120 ரூபாய், அதாவது இதழ் ஒன்றுக்குப் பத்து ரூபாய். சந்தாதாரர்கள் ஏறத்தாழ 310 பேர். தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், தென்னந்தோப்புக்காரர்கள், சில கிராம நூலகங்கள். அச்சடிப்பது எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியில், தபாலில் சேர்ப்பது எங்கள் ஊரில். ஆசிரியர் வேலையும் மெய்ப்புப் பார்ப்பதும் நான். பக்க வடிவமைப்பும் சந்தாக் கணக்கும் என் தம்பி. என் தாயார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவரை எழுப்பி நடக்க வைக்கும் காலம் முழுவதும் நான் வேறு வேலைக்குப் பொழுது ஒதுக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது எத்தனை மாதம் என்பது. ‘சிறிது காலம்’ என்று எழுதுவதைத் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. சந்தா கட்டியவருக்கு அது எந்தப் பதிலும் ஆகாது என்பது அவனுடைய வாதம். அது சரியான வாதம். மருத்துவர் நான்கிலிருந்து ஐந்து மாதம் என்றார். அதன்படி மார்ச்சிலோ ஏப்ரலிலோ திரும்பியிருக்கலாம். ஆனால் கேரளத்தில் ஏப்ரலும் மேயும் பள்ளி விடுமுறை. எங்கள் சந்தாவில் கணிசமான பகுதி பள்ளி முகவரிக்குப் போகிறது. விடுமுறையில் போகும் இதழ் அலுவலக அறையின் ஏதாவது ஒரு மேசையில் கிடந்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது பழைய தாளோடு சேர்ந்துவிடும். நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் இதழ் அப்படித் தொலைந்தால், இதழ் திரும்பி வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாமல் போகும். ஆகவே ஜூன் என்று வைத்தோம். அதில் எங்களுக்கும் இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. சொன்ன மாதத்தைத் தள்ளிப்போட்டு இரண்டாவது அறிவிப்பு விடும் நிலை வராமலிருக்க அந்த இரண்டு மாதம் தேவையாகவே இருந்தது.

மேல் வரம்பையும் பார்த்துக்கொண்டோம். அப்போது நடைமுறையில் இருந்தது 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம். அதன்படி ஓர் இதழ் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளிவராமல் நின்றால், மாவட்ட நடுவர் முன் அளித்திருந்த உறுதிமொழி செல்லாததாகிவிடும். மீண்டும் வெளியிடுவதற்கு முன் புதிதாக உறுதிமொழி அளிக்க வேண்டும். அச்சிடும் இடம் ஒரு மாநிலத்திலும் வெளியிடும் இடம் வேறு மாநிலத்திலும் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இரண்டு ஊர்களுக்கு அலையும் வேலை. ஏழு மாதம் அந்த வரம்புக்குள் அடங்கியது.

தபால் சலுகை அப்படி அடங்கவில்லை. சந்தா இதழ் நடத்தாதவர்களுக்கு இந்தச் சலுகையின் அளவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அஞ்சல் துறையில் செய்தித்தாளாகப் பதிவு பெற்ற இதழை, 50 கிராம் வரை எடையிருந்தால், இந்தியாவில் எந்த முகவரிக்கும் அப்போது 25 பைசாவில் அனுப்ப முடிந்தது. பதிவு இல்லாவிட்டால் அதே இதழ் புக் போஸ்ட்டில் போக வேண்டும். அப்போது அதற்கு 4 ரூபாய். எங்கள் இதழ் மேலுறையோடு 50 கிராமுக்குள் நிற்கும்படி தாளின் கனத்தைப் பார்த்துத்தான் வாங்குவோம். 310 பிரதிக்குக் கணக்குப் போட்டால், பதிவு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில் மாதம் 1,160 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இந்தச் சலுகைக்கு 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் வைத்திருந்த நிபந்தனைகளுள் ஒன்று, இதழ் 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வெளிவர வேண்டும் என்பது. மற்றொன்று, உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும் என்பது. ஏழு மாத இடைவெளி முதல் நிபந்தனையை நேரடியாக மீறுகிறது.

எங்கள் தபால் நிலையத்தில் அப்போதிருந்த போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர்; பேசுவது மலையாளம் கலந்த தமிழ். “டீச்சர், நாலு பக்கம் மட்டும் அடிச்சு மாசாமாசம் போட்டுடுங்கோ, பதிவு தப்பிச்சுக்கும்” என்றார். சில இதழ்கள் அப்படிச் செய்வதுண்டு என்பது எனக்கும் தெரியும். சட்டப்படி அது இதழ்தான். ஆனால் நான்கு பக்கமானாலும் எழுதி, மெய்ப்புப் பார்த்து, பொள்ளாச்சி போய் வாங்கி வந்து, முகவரி ஒட்டி, குறித்த தேதியில் தபாலில் சேர்க்க வேண்டும். நிறுத்துவதே அந்த வேலையைச் செய்ய முடியாததால்தான். அதோடு, பன்னிரண்டு இதழுக்குப் பணம் கட்டியவருக்கு நான்கு பக்கத் தாளை ஓர் இதழாகக் கணக்கில் எழுதுவதா, எழுதாமல் இலவசமாக அனுப்புவதா என்ற கேள்வியும் வரும். எழுதினால் அது ஏமாற்று. எழுதாவிட்டால் செலவு நம்முடையது. காலாண்டிதழாக மாற்றுவதும் பயன்படாது, ஏனென்றால் காலாண்டிதழால் 31 நாள் நிபந்தனையை எப்போதுமே நிறைவேற்ற முடியாது.

எனவே சலுகை போகும் என்று எடுத்துக்கொண்டு திட்டமிட்டோம். நிறுத்துவதற்கு முன்பே அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, எந்த இதழோடு நிற்கிறது, எந்த மாதம் திரும்புகிறது என்பதைச் சொல்லி, அறிவிப்பு அச்சான பக்கத்தையும் இணைத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டோம். திரும்பிய பின் மீண்டும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். முதல் நான்கு இதழ்கள் புக் போஸ்ட்டில் போயின. அதன்பிறகு சலுகை கிடைத்தது. முத்திரையிட்ட அந்த நகலும் சந்தாதாரர் பட்டியலும் கையில் இருந்ததால், இதழ் உண்மையில் நடந்து வந்த இதழ்தான் என்று புதிதாக நிறுவ வேண்டிய தேவை எழவில்லை.

அடுத்தது பணம். சந்தாவாக வந்து கையில் இருக்கும் தொகை இன்னும் கொடுக்காத இதழ்களுக்கான கடன். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், மாதாமாதம் இதழ் வந்துகொண்டிருக்கும்போது புதிய சந்தாப் பணத்தில் பழைய சந்தாவின் இதழ் அச்சாகிக்கொண்டே போவதால் அந்தக் கடன் கண்ணில் படுவதில்லை. நிறுத்தும்போது புதிய பணம் நின்றுவிடும். பழைய கடன் அப்படியே இருக்கும். தம்பி ஒவ்வொருவருக்கும் எத்தனை இதழ் பாக்கி என்று எண்ணிக் கூட்டியபோது மொத்தம் 1,850 பிரதிகள் வந்தன. அச்சும் சலுகைத் தபாலும் சேர்ந்து பிரதிக்கு 9 ரூபாய் அடக்கம். புக் போஸ்ட் என்றால் ஏறத்தாழ 13 ரூபாய். கூடிய கணக்கையே வைத்துக்கொண்டு 24,000 ரூபாயைத் தனியாகத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அதைத் தொடுவதில்லை என்று வைத்தோம். மருத்துவச் செலவு நெருக்கிய மாதங்களில் அந்தப் பணம் வீட்டுக் கணக்கில் கிடந்திருந்தால் நிச்சயமாகக் கரைந்திருக்கும். ஜூன் இதழுக்கு அச்சகத்துக்குக் கொடுத்தது அதிலிருந்துதான்.

இந்தக் கடனை வாசகருக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் அதிக நேரம் செலவழித்தோம். அதுவரை முகவரிச் சீட்டில் ‘சந்தா முடிவு: ஜூன் 2019’ என்று மாதத்தைத்தான் அச்சிட்டு வந்தோம். இடையில் ஏழு மாதம் இல்லாமல் போனால் அந்த மாதத்துக்குப் பொருள் இல்லாமல் போகிறது. ஒவ்வொரு சந்தாவுக்கும் ஏழு மாதம் கூட்டிப் புதிய மாதத்தை அச்சிடலாம். ஆனால் ஜூன் ஆகஸ்டானால் எல்லாச் சீட்டும் மறுபடி தவறாகிவிடும். அதனால் மாதத்தை விட்டுவிட்டு இதழ் எண்ணுக்கு மாறினோம். 2012 ஜனவரியில் வந்த முதல் இதழை 1 என்று வைத்துத் தொடர்ச்சியாக எண்ணினால் 2018 அக்டோபர் இதழ் 82. நிற்கும் மாதங்களுக்கு எண் கிடையாது. 2019 ஜூன் இதழ் 83.

ஒருவரின் கணக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். வேலந்தாவளம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் 2018 ஜூலை இதழிலிருந்து ஓராண்டுக்குச் சந்தா கட்டியிருந்தார். ஜூலை இதழ் 79. ஆகவே அவருக்கு உரியவை 79 முதல் 90 வரை. அக்டோபர் வரை நான்கு பெற்றுவிட்டார், எட்டு பாக்கி. பழைய முறையில் அவருடைய சீட்டு ‘ஜூன் 2019’ என்று சொல்லியிருக்கும். அந்த மாதம் முடிந்ததும் தமக்கு இதழ் நின்றுவிடுமோ என்று அவர் நினைத்திருக்கலாம். புதிய சீட்டில் ‘கடைசி இதழ்: 90’ என்று இருந்தது. ஜூன் 83, ஜூலை 84 என்று விரல் விட்டு எண்ணினால் 2020 ஜனவரியில் முடிகிறது. நாங்கள் மேலும் ஒரு மாதம் தாமதித்திருந்தாலும் 90 என்பது மாறாது. வாசகர் அட்டையில் உள்ள எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் தாமே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது, எங்களைக் கேட்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து இதழை அனுப்ப இயலாமல் போனபோது, இந்த முறையினால் சந்தாக் கணக்கில் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

எண்களைத் தொடர்ச்சியாக வைப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. ஆண்டிறுதியில் இதழ்களைக் கட்டுக்கட்டித் தைத்து வைக்கும் நூலகர்கள், நடுவில் எண் விடுபட்டால் அது தங்களுக்கு வராத இதழ் என்றே கொள்வார்கள்; விடுபட்டதைக் கேட்டுக் கடிதம் வரும். அக்டோபர் இதழ் மலர் 7, இதழ் 10. ஜூன் இதழை மலர் 8 என்று தொடங்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று மலர் 7, இதழ் 11 என்றே அச்சிட்டோம். அதற்கடியில் ‘2018 நவம்பர் முதல் 2019 மே வரை இதழ் வெளியிடப்படவில்லை’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தோம். பத்தாண்டு கழித்துக் கட்டைப் புரட்டுபவருக்கும் அந்த வரி பதில் சொல்லும்.

அறிவிப்பின் முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. அதில் இதழ் தொடங்கிய கதை இருந்தது, நன்றி இருந்தது, என் தாயாரின் உடல்நிலை பற்றி ஒரு பத்தி முழுக்க இருந்தது. படித்துவிட்டுத் தம்பி, “அக்கா, இதுல என் சந்தா என்ன ஆச்சுன்னு பத்தாவது பத்தியிலதான் வருது” என்றான். அச்சானது இதுதான்:

‘வாசகர்களுக்கு: அக்டோபர் 2018 இதழுக்கு (எண் 82) அடுத்து, 2018 நவம்பர் முதல் 2019 மே வரை ஏழு மாதங்களுக்கு இதழ் வெளிவராது. அடுத்த இதழ் (எண் 83) 2019 ஜூனில் வெளிவரும். ஆசிரியரின் வீட்டில் நோயுற்ற ஒருவரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதே காரணம். உங்களுக்குச் சேர வேண்டிய இதழ்களில் ஒன்றும் குறையாது. உங்கள் சந்தாவின் கடைசி இதழ் எண் முகவரிச் சீட்டில் உள்ளது. பணத்தைத் திரும்பப் பெற விரும்புவோர் நவம்பர் 30க்குள் அஞ்சலட்டையில் எழுதினால், பாக்கியுள்ள இதழ் ஒன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் அனுப்புவோம். ஜூன் வரை புதிய சந்தாவோ புதுப்பித்தலோ அனுப்ப வேண்டாம். முகவரி மாறினால் ஏப்ரல் இறுதிக்குள் தெரிவிக்கவும்.’

காரணத்தை ஒரே வரியில் நிறுத்தியதைப் பற்றி ஒரு சொல். காரணமே சொல்லாவிட்டால் வாசகர் பணத் தட்டுப்பாடு என்றோ, நடத்துபவர்களுக்குள் சண்டை என்றோ ஊகிப்பார். அந்த ஊகம் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் செய்தியாகிவிடும். விரிவாகச் சொன்னாலோ, நலம் விசாரித்து வரும் கடிதங்களுக்கும் தொலைபேசிகளுக்கும் பதில் சொல்வதே ஒரு வேலையாகும். ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இந்த அறிவிப்பு செப்டம்பர் இதழிலேயே முதல் பக்கத்தில் வந்தது. அக்டோபரில் இரண்டாம் முறை. கடைசி இதழில் மட்டும் போட்டிருந்தால், அந்த ஓர் இதழ் கைக்கு வராதவருக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கும். அக்டோபர் இதழில் இதை எங்கே போடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது அச்சகக்காரர் ஒரு யோசனை சொன்னார்: “உள்ள போட்டீங்கன்னா பிரிச்சுப் பாக்கறவங்களுக்குத்தானுங்க டீச்சர் தெரியும். மேலுறையிலயே ரெண்டு வரி அடிச்சுத் தர்றனுங்க.” மேலுறை எப்படியும் அச்சடிக்கத்தான் வேண்டும், கூடுதல் செலவு இல்லை. ‘அடுத்த இதழ் ஜூன் 2019’ என்று பெரிய எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் போட்டோம். மலையாளம் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதியில் இதழைப் படிப்பவர் தமிழராக இருப்பார். ஆனால் தபாலைப் பிரித்து அடுக்குபவரும் பல நூலகங்களில் பதிவேட்டில் வரவு வைப்பவரும் மலையாளம் மட்டும் படிப்பவர்கள். நவம்பரில் இதழ் வராதபோது அவர்கள்தான் முதலில் கேட்பார்கள். நூலகங்களுக்கு மலையாளத்தில் தனிக் கடிதமும் அனுப்பினோம். அவர்களுடைய கணக்கு மார்ச்சில் முடிகிறது. கொடுத்த சந்தாவுக்கு அந்த ஆண்டில் எத்தனை இதழ் வந்தது, எத்தனை அடுத்த ஆண்டுக்குப் போகிறது என்று எழுத்தில் இருந்தால்தான் தணிக்கையில் அவர்களுக்குச் சிக்கல் வராது.

அறிவிப்பைப் படித்த பின்னும் மணியார்டர் வந்தது. வழக்கமாக நவம்பரில் புதுப்பிப்பவர்கள் பழக்கத்தில் அனுப்பிவிடுகிறார்கள். திருப்பி அனுப்புவதுதான் நேர்மை என்று முதலில் நினைத்தோம். ஆனால் மணியார்டருக்கு இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் அனுப்புபவர் கமிஷன் கட்டுகிறார். 120 ரூபாய்க்கு ஆறு ரூபாய். நாம் மறுத்தால் பணம் திரும்பும், கமிஷன் திரும்பாது. ஆகவே வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தையும் தனிக் கணக்கில் சேர்த்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று அஞ்சலட்டையில் எழுதிப் போட்டோம். பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு அனுப்பும்போது கமிஷன் எங்களுடையது.

ஆயுள் சந்தாதாரர்களுக்குக் கடைசி எண் என்று ஒன்று கிடையாது. ஆண்டுச் சந்தாதாரருக்கு எண்ணைக் காட்டி உறுதி சொல்ல முடிகிறது, ஆயுள் சந்தாதாரருக்கு எதைக் காட்டுவது? அவர்களுக்கும் நூலகங்களுக்குமாக ஏறத்தாழ நாற்பது பேருக்கு பிப்ரவரியில், அதாவது இடைவெளியின் நடுவில், ஒரு அஞ்சலட்டை எழுதினோம்: ஜூனில் வருவது உறுதி, முகவரி இதுதானா என்று. எல்லோருக்கும் அச்சடித்து அனுப்பலாமே என்று தோன்றும். சாதாரண அஞ்சலட்டை 50 பைசா. அதில் செய்தியை அச்சடித்துவிட்டால் அச்சிட்ட அட்டைக்கான 6 ரூபாய்க் கட்டணம் ஆகிவிடும். கையால் எழுத முடிந்த அளவுக்குத்தான் எழுதினோம். அந்த நாற்பது அட்டைகளில் சில முகவரியாளர் இல்லை என்று திரும்பி வந்தன, அதனால் ஜூனில் அத்தனை இதழ் வீணாகாமல் மிஞ்சியது.

படைப்பு அனுப்பியவர்களை இதழ்கள் பொதுவாக மறந்துவிடுகின்றன. எங்களிடம் அப்போது தேர்வாகி அச்சுக்குக் காத்திருந்த கட்டுரைகளும் கவிதைகளும் எட்டு, பத்து இருந்தன. எங்களிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதியவர் அதை வேறெங்கும் அனுப்பமாட்டார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஜூன் வரை காத்திருக்கச் சம்மதமா, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டோம். பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் செய்தது சரி. பள்ளிப் பிள்ளைகளின் பக்கத்தில் வேறு மாதிரிச் சிக்கல். ‘ஏழாம் வகுப்பு’ என்று கையெழுத்தின் கீழ் எழுதி அனுப்பிய சிறுமி ஜூனில் எட்டாம் வகுப்பில் இருப்பாள். பெயருக்குக் கீழே பழைய வகுப்பு அச்சாகி வந்தால், பெரியவர்களுக்கு அது சிறிய விஷயம், வகுப்புத் தோழிகளின் நடுவில் அவளுக்கு அப்படி அல்ல. எழுதியபோது எந்த வகுப்பு, இப்போது எந்த வகுப்பு என்று இரண்டையும் போட்டோம்.

தொடராக வந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்று: ஆளியாற்று நீர் சித்தூர்ப்புழைக்கு வந்த வரலாறு. விவசாயி ஒருவர் எழுதினார். அக்டோபர் இதழுக்கு அவர் வந்து நின்ற இடம் 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் - ஆளியாறு ஒப்பந்தம். அதில் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று நிர்ணயமான பகுதியை இரண்டு இதழுக்குப் பிரித்து எழுதியிருந்தார். தண்ணீர்ப் பங்கைப் பாதியில் நிறுத்தி, ‘தொடரும்’ என்று போட்டு ஏழு மாதம் விட்டால் எல்லையின் இரு பக்கத்து வாசகரும் தமக்கு வேண்டியதை மீதியாக நிரப்பிக்கொள்வார்கள். அதனால் வேறு இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டு அந்த அத்தியாயத்தை முழுமையாக அச்சிட்டோம்.

விளம்பரம் தந்தவர்கள் திருமண மண்டபம், தென்னங்கன்று நாற்றுப் பண்ணை, அரிசி ஆலை என்று உள்ளூர்க்காரர்கள்தான். அவர்களுக்கும் இதழ் எண்ணிலேயே கணக்கு மாற்றிக் கொடுத்தோம். மண்டபக்காரர் மட்டும் தை, மாசி முகூர்த்த மாதங்கள் போய்விடுகின்றன என்று மீதிப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய வியாபாரத்துக்கு அந்த மாதங்கள்தான் விலை.

நிற்கும் காலத்தில் நின்றுவிடாத ஒரு கடமை அரசுக்குத் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கை. மார்ச்சில் முடியும் ஆண்டுக்கான அறிக்கையைச் செய்தித்தாள் பதிவாளருக்கு மே இறுதிக்குள் கொடுக்க வேண்டும். இதழ் வராத மே மாதத்தில் அது நினைவுக்கு வருவது கடினம் என்பதால் நாட்காட்டியில் முன்பே குறித்துவைத்தோம். அந்த ஆண்டில் வெளிவந்தவை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு இதழ்கள் என்றே எழுதினோம். பன்னிரண்டு என்று எழுதும் ஆசை சிலருக்கு வருவதுண்டு, அது பொய்யறிக்கை ஆகும். உரிமையாளர் விவரத்தைச் சொல்லும் படிவம் 4 பிப்ரவரி முடிந்த பின் வரும் முதல் இதழில் அச்சாக வேண்டும். மற்ற மாத இதழ்களில் அது மார்ச்சில் வரும், எங்களுக்கு ஜூனில் வந்தது.

ஜூன் இதழை வழக்கத்துக்கு ஒரு வாரம் முன்பே அச்சுக்குக் கொடுத்து, பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் போய்ச் சேரும்படி தபாலில் போட்டோம். முகவரி மாற்றத்தை ஏப்ரல் இறுதிக்குள் தெரிவிக்கச் சொல்லியிருந்தும், ஆசிரியர்களின் இடமாற்றம் ஜூனில்தான் முடிவாகிறது என்பதால் முப்பது பிரதிகளுக்கு மேல் திரும்பி வந்தன. அவற்றை எறிந்துவிடாமல் முகவரிச் சீட்டோடு வைத்திருந்தோம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் புதிய முகவரியிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டபோது அதே பிரதியை மறுபடி அனுப்பினோம். கேட்காதவர்களின் கணக்கில் 83ஐ வழங்கியதாக எழுதாமல், அவர்களுடைய கடைசி எண்ணை ஒன்று கூட்டி வைத்தோம்.

இவை அனைத்தும் பழைய சட்டங்களின் காலத்தில் நடந்தவை. 2023ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. மாவட்ட நடுவர் முன் உறுதிமொழி அளிக்கும் முறை போய், பதிவு விண்ணப்பங்கள் இணையவழியே தலைமைப் பதிவாளருக்குப் போகின்றன. அஞ்சலகச் சட்டமும் 2024 ஜூனில் புதிதாகிவிட்டது. ஆகவே இப்போது நிறுத்த நினைப்பவர் நான் எழுதியுள்ள பன்னிரண்டு மாதம், 31 நாள் என்ற இரண்டு வரம்புகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நிறுத்தும் இதழ் அச்சுக்குப் போகும் முன்பே முதல் வரம்பைத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்திலும் இரண்டாவதைக் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தாச் சீட்டில் மாதத்துக்குப் பதில் எண்ணை அச்சிட மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அடுத்த இதழிலிருந்தே தொடங்கலாம்.